கிராஜுவிட்டி வரலையா? போனை வெச்சுட்டு ஒரு பேப்பர் எடுங்க

இன்னிக்கு சுகர், பிரஷர் எதுவும் இல்லை. கொஞ்சம் நீளமான இழை, டீ எடுத்துட்டு வந்து உக்காருங்க.

தனியார் ஆஸ்பத்திரியில கூட வேலை பார்த்த நர்சுகள், லேப் டெக்னீஷியன்கள், ஏன் டாக்டர்களும் அடிக்கடி எனக்கு இன்பாக்ஸ்ல கேக்கற கேள்வி ஒண்ணு இருக்கு. "சார், வேலையை விட்டு ஏழு மாசம் ஆச்சு. கிராஜுவிட்டி இன்னும் வரலை. போன் பண்ணா அடுத்த வாரம்னு சொல்றாங்க. என்ன பண்றது?"

நான் திருப்பிக் கேக்கறது ஒண்ணுதான். "ஃபார்ம் ஐ கொடுத்தீங்களா?"

பத்துல எட்டு பேர், "அப்படின்னா?"ன்னு கேப்பாங்க.

இது எனக்கே நடந்த விஷயம்ங்கறதால என் கேஸையே வெச்சு சொல்றேன். ஆஸ்பத்திரி பேர் வேண்டாம். தமிழ்நாட்டுல ஒரு ஊர், ஆந்திராவுல ஒரு கிளை, அவ்வளவு போதும். அந்த ஆந்திரா கிளைக்குக் கதையில ஒரு வேலை இருக்கு, பின்னாடி வரும்.

நான் அங்க டியூட்டி மெடிக்கல் ஆபீசரா 6 வருஷம் 8 மாசம் இருந்தேன். மாசச் சம்பளம், ரோஸ்டர், கேஷுவல் லீவு எல்லாம் உண்டு. அப்பாவுக்கு பக்கவாதம் வந்ததால சொந்த ஊருக்கே போயிடலாம்னு ராஜினாமா கொடுத்தேன். நோட்டீஸ் பீரியட் முழுசா முடிச்சு, 2022 ஜூன் 30 கடைசி நாள். அப்பாவோட பிசியோதெரபிக்கும் வீட்டுல ஆள் போடறதுக்கும் இந்தப் பணத்தைத்தான் கணக்குல வெச்சிருந்தோம்.

முதல்ல சட்டம் என்ன சொல்லுதுன்னு பார்த்துடலாம். பணிக்கொடைச் சட்டம் 1972. பத்து பேர் அல்லது அதுக்கு மேல வேலை பார்க்கிற இடத்துல ஐந்து வருஷம் தொடர்ந்து வேலை பார்த்தா, வேலையை விடும்போது கிராஜுவிட்டி கொடுக்கணும். நாமளா ராஜினாமா பண்ணினாலும் உண்டு. நீங்க கேட்டாலும் கேக்காட்டியும் தொகையைக் கணக்குப் போட்டு எழுத்துல தெரிவிக்கறது முதலாளியோட கடமை. கொடுக்க வேண்டிய நாள்ல இருந்து 30 நாளைக்குள்ள பணம் வந்தாகணும். தாண்டினா வருஷத்துக்கு 10 சதவீதம் தனி வட்டி.

அப்ப போன் பண்ணினாலே போதாதா? போதாது. கேஸ் ஷீட்ல எழுதாத மருந்து கொடுக்காத மருந்துன்னு ஹவுஸ் சர்ஜன்களுக்குச் சொல்லித் தருவோம் இல்லையா, அதே கதைதான் இங்கயும். நீங்க இருபது தடவை போன்ல கேட்டிருக்கலாம். நாளைக்கு அவங்க, "எங்ககிட்ட யாரும் கேக்கவே இல்லை"ன்னு சொன்னா உங்க கையில என்ன இருக்கு? கால் ஹிஸ்டரியை வெச்சு என்ன பேசினீங்கன்னு காட்ட முடியாது.

ஃபார்ம் ஐ ஒரே ஒரு பக்கம்தான். பேர், விலாசம், கடைசியா இருந்த டிபார்ட்மென்ட், பதவி, சேர்ந்த தேதி, விலகின தேதியும் காரணமும், மொத்த சர்வீஸ், கடைசியா வாங்கின சம்பளம், கேக்கற தொகை. கடைசி வரியைக் கவனிச்சீங்களா? தொகையை நீங்களே போட்டுத்தான் கேக்கணும். "எவ்வளவு வருதோ கொடுங்க"ன்னு எழுதினா, எவ்வளவுன்னு முடிவு பண்ற உரிமையையும் சேர்த்துக் கொடுத்த மாதிரி ஆயிடும்.

கணக்கு ரொம்ப எளிது. இதுக்குச் சம்பளம்னா பேசிக்கும் டி.ஏ.வும் மட்டும். வீட்டு வாடகைப்படி, நைட் டியூட்டி அலவன்ஸ் எல்லாம் சேராது. என்னோட பேசிக் 52,000. டி.ஏ. தனியா கிடையாது. அதை 26 ஆல வகுத்தா ஒரு நாள் சம்பளம் 2,000. பதினஞ்சு நாளுக்கு 30,000. இதை சர்வீஸ் வருஷத்தால பெருக்கணும். ஆறு மாசத்துக்கு மேல இருக்கிற மிச்சம் முழு வருஷமாயிடும்ங்கறதால என்னோட 6 வருஷம் 8 மாசம், 7 வருஷம். ஆக 2,10,000 ரூபாய்.

26 ஏன்னு கேக்கலாம். மாசத்துல வாரவிடுமுறையைக் கழிச்சா வேலை நாள் 26. அதால வகுக்கணும்னு சட்டத்துலயே எழுதியிருக்கு. இதை ஏன் அழுத்திச் சொல்றேன்னா, ஏமாத்தறது பெரும்பாலும் இந்த இடத்துலதான் நடக்கும்.

ஜூலை 11-ம் தேதி ஃபார்மை நிரப்பி, ரிஜிஸ்டர்டு போஸ்ட்ல அக்னாலெட்ஜ்மென்ட் கார்டோட அனுப்பினேன். இப்போ ரிஜிஸ்டர்டு போஸ்ட் ஸ்பீட் போஸ்டோட சேர்ந்துடுச்சு, அதுலயே அனுப்பி டெலிவரி ஆனதுக்கான சான்றை வெச்சுக்கங்க. அதே ஃபார்மை ஸ்கேன் பண்ணி எச்.ஆர்.க்கும் மெயில் போட்டேன். விலகி 30 நாளைக்குள்ள கொடுக்கணும்னு விதி. ஆனா தாமதமாச்சுங்கற ஒரே காரணத்துக்காக கிளெய்ம் செல்லாம போயிடாதுன்னும் அதே விதியில இருக்கு. அதனால விலகி ஏழு மாசம் ஆனவங்க பயப்பட வேண்டாம், இன்னிக்கே அனுப்பலாம்.

ஃபார்ம் கையில கிடைச்ச 15 நாள்ல அவங்க ரெண்டுல ஒண்ணு செய்யணும். "இவ்வளவு தர்றோம், இந்தத் தேதியில வந்து வாங்கிக்கங்க"ன்னு ஃபார்ம் எல். இல்லைன்னா "தர மாட்டோம், காரணம் இது"ன்னு ஃபார்ம் எம். எனக்கு ரெண்டும் வரலை. ஆகஸ்ட்ல ஒரு போன் மட்டும் வந்தது.

"டாக்டர், உங்களுக்குத் தெரியாததா? டாக்டர்ஸுக்கு கிராஜுவிட்டி கிடையாது. அது ஸ்டாஃபுக்கு மட்டும்தான்."

நான் சொன்னேன், "அப்படியா சார், அதையே மெயில்ல அனுப்பிடுங்க."

மெயில் வரலை. எழுத்துல கொடுத்தா மாட்டிக்குவோம்னு அவருக்கும் தெரியும்.

இந்த "டாக்டர்ஸுக்கு கிடையாது"ங்கறதுல பாதி உண்மை இருக்கு, அதனால கொஞ்சம் நின்னு பார்ப்போம். கார்ப்பரேட் ஆஸ்பத்திரிகள்ல நிறைய டாக்டர்கள் கன்சல்டன்ட். ஓ.பி.க்கு இவ்வளவு, ஆபரேஷனுக்கு இவ்வளவுன்னு ஃபீஸ்ல பங்கு வாங்குவாங்க, அவங்க ஊழியர் இல்லை, அதனால கிராஜுவிட்டி இல்லை. ஆனா சம்பளத்துக்கு வேலை பார்க்கிற டாக்டர் ஊழியர்தான். பதவி பெருசு, சம்பளம் பெருசுங்கறதால சட்டத்துக்கு வெளியே போயிட மாட்டார்.

நீங்க எந்தப் பக்கம்னு தெரிஞ்சுக்க ஒரு சுலபமான வழி இருக்கு. வருஷா வருஷம் வருமான வரிக்கு என்ன பேப்பர் கொடுத்தாங்க? ஃபார்ம் 16 கொடுத்திருந்தா அவங்களே உங்களுக்குச் சம்பளம் கொடுத்ததா அரசாங்கத்துக்கிட்ட சொல்லியிருக்காங்க. ஃபார்ம் 16ஏ கொடுத்து, தொழில்முறை ஃபீஸுன்னு 194ஜே பிரிவுல வரி பிடிச்சிருந்தா கன்சல்டன்ட்னு காட்டியிருக்காங்க. 16ஏ வந்திருந்தாலும் எல்லாம் முடிஞ்சதுன்னு இல்லை. ரோஸ்டர், லீவு லெட்டர், பி.எஃப். பிடித்தம் எல்லாம் இருந்தா வாதாட இடம் இருக்கு, ஆனா சிரமம். எனக்கு எல்லா வருஷமும் ஃபார்ம் 16தான்.

செப்டம்பர்ல கதை மாறிச்சு. "மேனேஜ்மென்ட் நல்லெண்ணத்துல தருது"ன்னு ஒரு செட்டில்மென்ட் ஷீட் மெயில்ல வந்தது. தொகை 1,56,000. கூடவே ஒரு கடிதம்: இதை முழுமையாகவும் இறுதியாகவும் பெற்றுக்கொண்டேன், இனி எந்தக் கோரிக்கையும் இல்லை, கையெழுத்து.

எப்படி 1,56,000 வந்ததுன்னு உக்காந்து பிரிச்சுப் பார்த்தேன். 52,000-ஐ 30 ஆல வகுத்து பதினஞ்சு நாளுக்கு 26,000. அதை 6 வருஷத்தால பெருக்கியிருக்காங்க. 26-க்குப் பதில் 30, 7-க்குப் பதில் 6. ரெண்டே ரெண்டு எண்ணை மாத்தினதுல 54,000 ரூபாய் காணோம். வட்டிங்கற வரியே இல்லை. உங்க ஷீட்டை நீங்களே சரி பார்க்கணும்னா பேசிக்கை 26 ஆல வகுத்து 15 ஆல பெருக்கினா ஒரு வருஷத்துக்கானது வரும். மொத்தத் தொகை அதோட முழு மடங்கா இல்லைன்னா எங்கயோ கை வெச்சிருக்காங்கன்னு அர்த்தம்.

அந்தக் கடிதத்துல நான் கையெழுத்துப் போடலை. அவசரத்துக்குப் பணம் வேணுமேன்னு கையெழுத்துப் போட்டவங்களும் மனசு விட வேண்டாம். சட்டப்படி வர்ற கிராஜுவிட்டியை ஒரு கடிதத்தால குறைக்க முடியாது, இந்தச் சட்டத்துக்கு மாறா எழுதிக்கிற ஒப்பந்தம் நிக்காது. ஆனா வாங்கும்போதே "பகுதித் தொகையாக, என் உரிமைக்கு உட்பட்டு"ன்னு பக்கத்துல எழுதிக் கையெழுத்துப் போட்டா பின்னாடி பேச்சு சுருக்கமா முடியும்.

இதுக்கு நடுவுல அனுபவச் சான்றிதழ் நிறுத்தப்பட்டது. கிளெய்மை வாபஸ் வாங்கினா உடனே கிடைக்கும்னு வாய்வழியா சொன்னாங்க. இது டாக்டருக்கும் நர்சுக்கும் உண்மையிலயே வலிக்கிற இடம். அடுத்த ஆஸ்பத்திரி அதைத்தான் முதல்ல கேக்கும். இதை கிராஜுவிட்டி அதிகாரிகிட்ட கொண்டு போனா பிரயோஜனம் இல்லை, அவருக்கு அந்த அதிகாரம் கிடையாது. நான் தனிக் கடிதமா கேட்டேன். புது இடத்துல அப்பாயின்ட்மென்ட் ஆர்டர், ராஜினாமாவை ஏத்துக்கிட்ட மெயில், கடைசி மூணு மாச பே ஸ்லிப் இதையெல்லாம் காட்டினேன், ஏத்துக்கிட்டாங்க. அதனால, வேலையில இருக்கும்போதே பே ஸ்லிப்பையும் ஆர்டரையும் சொந்த மெயிலுக்கு அனுப்பி வெச்சுக்கங்க. கடைசி நாள் சாயங்காலம் ஆபீஸ் மெயிலைப் பூட்டிடுவாங்க.

அடுத்தது ஃபார்ம் என். கன்ட்ரோலிங் அத்தாரிட்டின்னு ஒரு அதிகாரி இருக்கார், அவர்கிட்ட கொடுக்கிற மனு. பிரச்சினை உண்டான நாள்ல இருந்து 90 நாளைக்குள்ள கொடுக்கணும். தாண்டினா தகுந்த காரணம் சொல்லணும், ஏத்துக்கறது அவர் கையில. எனக்கு 15 நாள் கெடு ஜூலைக் கடைசியில முடிஞ்சது. அக்டோபர் 10 மனு கொடுத்தேன்.

யார்கிட்ட கொடுக்கறதுங்கறதுல நிறைய பேர் மாசக்கணக்கா அலையறாங்க. உங்க நிறுவனம் தமிழ்நாட்டுக்குள்ள மட்டும் இருந்தா மாநிலத் தொழிலாளர் துறை. ஒண்ணுக்கு மேற்பட்ட மாநிலத்துல கிளை இருந்தா மத்திய அரசோட உதவி தொழிலாளர் ஆணையர். இப்பதான் அந்த ஆந்திரா கிளை வருது. ஆஸ்பத்திரியோட வெப்சைட்ல இருந்த கிளை விலாசப் பக்கத்தைப் பிரின்ட் எடுத்து மனுவோடயே வெச்சேன். தப்பான அலுவலகத்துல போட்டிருந்தா, "எங்க வரம்பு இல்லை"ன்னு ஆறு மாசம் கழிச்சு ஃபைல் திரும்பி வந்திருக்கும்.

வக்கீல் வெக்கலை. கட்டாயமும் இல்லை. முதல் விசாரணைக்கு ஆஸ்பத்திரி தரப்புல யாரும் வரலை. ரெண்டாவதுக்கு ஒருத்தர் வந்து அவகாசம் கேட்டார். மூணாவதுல ரெண்டு வாதம் வெச்சாங்க. ஒண்ணு, டாக்டர் கன்சல்டன்ட். ரெண்டு, கிராஜுவிட்டிக்காக இன்சூரன்ஸ் கம்பெனியில குரூப் பாலிசி எடுத்திருக்கோம், அங்கிருந்து பணம் வரலை.

ரெண்டாவது வாதம் நிறைய பேருக்குப் போன்ல சொல்லப்படற சமாதானம்தான். பாலிசி எடுக்கறது முதலாளியோட வசதிக்கு. உங்களுக்குக் கடன்பட்டவர் முதலாளி. பாலிசிக்கு பிரீமியம் கட்டினாரா, கிளெய்ம் போட்டாரான்னு உங்களுக்கு எந்தக் கவலையும் வேண்டாம்.

முதல் வாதத்துக்கு நான் ஃபார்ம் 16-களையும், 2021-ல வந்த இன்கிரிமென்ட் லெட்டரையும் கொடுத்தேன். அந்த லெட்டர்ல சி.டி.சி.ன்னு ஒரு பட்டியல். பேசிக் 52,000, வீட்டு வாடகைப்படி, பி.எஃப்.ல நிர்வாகத்தோட பங்கு, அதுக்குக் கீழ ஒரு வரி: கிராஜுவிட்டி 2,500. வருஷத்துக்கு 30,000-ங்கறதைப் பன்னிரண்டால வகுத்தா 2,500. அதாவது மாசாமாசம் எனக்குக் கொடுக்கறதா அவங்களே கணக்குக் காட்டின தொகை, அதுவும் 26 ஆல வகுத்த சரியான கணக்கு. அதிகாரி அந்த வரியைப் படிச்சுட்டு எதிர்த்தரப்பைப் பார்த்து, "இது என்ன சார்?"ன்னு மட்டும் கேட்டார். பதில் இல்லை.

உங்க ஆஃபர் லெட்டரை எடுத்துப் பாருங்க. சி.டி.சி.யில பேசிக்ல 4.81 சதவீதம்னு ஒரு வரி இருந்தா அது இதேதான்.

ஏப்ரல்ல உத்தரவு வந்தது. 2,10,000, கூடவே 10 சதவீத வட்டி. அப்பீல் போக 60 நாள் அவகாசம் உண்டு. ஆனா முதலாளி அப்பீல் போகணும்னா உத்தரவுத் தொகையை முதல்ல கட்டியாகணும், அதனால சும்மா இழுத்தடிக்கறதுக்காகப் போறவங்க குறைவு. இவங்களும் போகலை. 2023 மே 31-ல பணம் வந்தது. மாசத்துக்கு 1,750 வீதம் 11 மாசத்துக்கு வட்டி 19,250. மொத்தம் 2,29,250. உத்தரவுக்குப் பிறகும் தராதவங்க உண்டு. அப்போ அதே அதிகாரிகிட்ட மனு கொடுத்தா, நிலவரி பாக்கி மாதிரி வசூல் பண்ணச் சொல்லி கலெக்டருக்குச் சான்றிதழ் அனுப்புவார்.

பதினொரு மாசம். அப்பாவோட பிசியோதெரபிக்கு முக்கியமான முதல் ஆறு மாசம் அதுக்குள்ளயே போயிடுச்சு. கடன் வாங்கித்தான் ஓட்டினோம். பத்து சதவீத வட்டி அதை ஈடு கட்டுமான்னு கேக்காதீங்க.

ஒரு புது விஷயம். 2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு அமலுக்கு வந்திருக்கு, 1972 சட்டத்தோட இடத்துல இனி அதுதான். 30 நாள் கெடுவும் பதினஞ்சு நாள் கணக்கும் அதுலயும் இருக்கு. குறிப்பிட்ட கால ஒப்பந்தத்துல இருக்கிறவங்களுக்கு ஐந்து வருஷம் தேவையில்லை, ஒரு வருஷம் போதும். பேசிக்கைக் குறைச்சு அலவன்ஸை ஏத்தி வெச்சிருந்தா, மொத்தத்துல பாதியைத் தாண்டற அலவன்ஸ் சம்பளமா கணக்காகும். இனிமே விலகறவங்க படிவத்தோட பேர் மாறியிருக்கான்னு தொழிலாளர் அலுவலகத்துல ஒரு தடவை கேட்டுட்டு அனுப்புங்க.

பி.எஃப். பத்தியும் கேக்கறீங்க. அது வேற வியாதி, வேற மருந்து. கிராஜுவிட்டிப் பணம் முதலாளிகிட்ட இருக்கு, பி.எஃப். பணம் வருங்கால வைப்பு நிதி நிறுவனத்துக்கிட்ட இருக்கு. பழைய ஆபீஸ் விலகின தேதியைப் பதியாததால கிளெய்ம் நிக்குதுன்னா, கடைசிப் பங்களிப்புக்கு ரெண்டு மாசம் கழிச்சு யு.ஏ.என். போர்ட்டல்ல Manage, அதுக்குள்ள Mark Exit போய் நீங்களே பதியலாம். அவங்க காலைப் பிடிக்க வேண்டியதில்லை. பாஸ்புக்ல மாசங்கள் விட்டுப்போயிருந்தா மட்டும் அது பிடிச்சுக் கட்டாத பணம், அதுக்குத் தனியா புகார் போடணும்.

கடைசியா ஒரு நர்ஸ் தங்கச்சி கேஸ். 2024-ல ஒரு ஊர்ல இருக்கிற ஒரே ஆஸ்பத்திரி, கிளை எதுவும் இல்லை. 4 வருஷம் 9 மாசம் வேலை. "ஐந்து வருஷம் முடியலை, ஒண்ணும் வராது"ன்னு அக்கவுன்ட்ஸ்ல சொல்லிட்டாங்க. ஒரு வருஷத்துல 240 நாள் வேலை பார்த்திருந்தா அது முழு வருஷத் தொடர் சர்வீஸ்னு சட்டம் சொல்லுது. அதை வெச்சு ஐந்தாவது வருஷத்துக்கும் 240 நாள் போதும்னு மெட்டூர் பியர்ட்செல் வழக்குல சென்னை உயர் நீதிமன்றம் 1998-லயே தீர்ப்பு கொடுத்திருக்கு. ஐந்தாவது வருஷத்துல 9 மாசம், வாரவிடுமுறைக்கும் சம்பளம் உண்டு, 240 தாண்டிடுச்சு.

பேசிக் 18,200. 26 ஆல வகுத்தா 700. பதினஞ்சு நாளுக்கு 10,500. ஐந்து வருஷத்துக்கு 52,500. ஃபார்ம் ஐ-ல இந்தத் தொகையை எழுதி, கீழ அந்த வழக்கோட பேரை ஒரு வரி சேர்த்து தபால்ல அனுப்பச் சொன்னேன். "அண்ணா, டாக்டர் சொன்னாருன்னு சொல்லட்டுமா?"ன்னு கேட்டாங்க. வேண்டாம்மா, தபால் ரசீதை மட்டும் பத்திரமா வெச்சுக்கன்னேன்.

நாப்பதாவது நாள் பேங்க்ல 52,500 ஏறிடுச்சு. வட்டிக்கு இப்போ ரெண்டாவது கடிதம் எழுதிட்டு இருக்காங்க.